அலமாரியில் தங்கிய பணம்

கணக்கில் லாபம் இருக்கிறது, கல்லாவில் பணம் இல்லை. வியாபாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொடுத்த செக் வங்கிக்குப் போகிற நாளில் யாரிடமாவது பணம் புரட்ட வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட கடைகளில் பணம் பெரும்பாலும் மூன்று இடங்களுக்குப் போயிருக்கும்: வெளியில் நிற்கும் கடன் பாக்கி, வீட்டுச் செலவு, கடைச் சரக்கு. முதல் இரண்டும் கண்ணில் படும். கடன் நோட்டில் பெயர் இருக்கும்; வீட்டுக்கு எடுத்த பணம் மனதில் உறுத்தும். சரக்கில் தங்கிய பணம் மட்டும் தெரிவதில்லை. நிரம்பிய அலமாரியைப் பார்த்தால் யாருக்கும் நிம்மதிதான் வரும், சந்தேகம் வராது.

அந்தப் பணத்தை அளக்க இரண்டு கணக்குகள் போதும். ஒரு வருடத்தில் சரக்கு எத்தனை முறை விற்றுத் திரும்புகிறது என்பது சரக்குச் சுழற்சி. கடையில் இருக்கும் சரக்கு எத்தனை நாள் விற்பனைக்குச் சமம் என்பது இருப்பு நாட்கள். ஒரு சிற்றூர் ஹார்டுவேர் கடையை உதாரணமாக வைத்துக்கொண்டு போட்டுப் பார்க்கலாம். எல்லா எண்களும் ஜி.எஸ்.டி. நீங்கலாக.

வருட ஆரம்பத்தில் கடையில் 14 லட்சம் ரூபாய் சரக்கு. வருடத்தில் வாங்கியது 50 லட்சம். வருடக் கடைசியில் இருப்பு 16 லட்சம். அப்படியானால் விற்றுப்போன சரக்கின் அடக்க விலை 14 கூட்டல் 50 கழித்தல் 16, அதாவது 48 லட்சம். அதை 56 லட்சத்துக்கு விற்றிருக்கிறார்கள். வாடகை, சம்பளம், மின்கட்டணம் கழிப்பதற்கு முந்தைய லாபம் 8 லட்சம். சராசரி இருப்பு 15 லட்சம். 48-ஐ 15-ஆல் வகுத்தால் 3.2. வருடத்துக்கு 3.2 முறை சரக்கு சுழல்கிறது. 365-ஐ 3.2-ஆல் வகுத்தால் 114 நாள். இன்று வாங்கி வைக்கும் ஒரு ரூபாய் கல்லாவுக்குத் திரும்ப, சராசரியாக, நான்கு மாதம் ஆகப்போகிறது.

இங்கே பலர் விற்பனைத் தொகையான 56 லட்சத்தை வைத்து வகுத்துவிடுகிறார்கள். அப்போது 98 நாள் என்று வரும். அலமாரியில் இருப்பதை வாங்கிய விலையில் மதிப்பிட்டுவிட்டு, விற்றதை லாபம் சேர்த்த விலையில் எடுத்தால் கணக்கு பொருந்தாது. லாப விகிதம் கூடக்கூட இந்தப் பிழையும் பெரிதாகும்.

சராசரி இருப்பிலும் ஒரு கவனம் வேண்டும். மார்ச் 31 அன்று இருக்கும் சரக்கு, வருடம் முழுவதும் இருந்த சரக்கைக் காட்டுவதில்லை. கணக்கெடுப்புக்காக இருப்பைக் குறைக்கிற கடையும் உண்டு. வருடக் கடைசி ஸ்கீமுக்காக வாங்கிக் குவிக்கிற கடையும் உண்டு. மாதக் கடைசி இருப்புகளைக் கூட்டிச் சராசரி எடுப்பதே சரி. மாதாமாதம் எண்ண முடியாதவர்கள், மாத ஆரம்ப இருப்போடு கொள்முதலைக் கூட்டி, விற்பனையிலிருந்து வழக்கமான லாபத்தை நீக்கி வரும் தொகையைக் கழித்தால் ஓரளவு சரியான எண் கிடைக்கும். சி.சி. கடன் வாங்கியவர்கள் வங்கிக்கு மாதந்தோறும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்கிறார்கள். போன மாத எண்ணையே சற்று மாற்றி எழுதிக் கொடுக்காமல் உண்மையாக நிரப்பியிருந்தால், அந்தப் பன்னிரண்டு தாள்களே போதும்.

ஆனால் 114 நாள் என்ற எண்ணோடு நின்றுவிட்டால் ஒன்றும் தெரியாது. சரக்கை வகை வகையாகப் பிரித்தால்தான் பணம் எங்கே இருக்கிறது என்பது தெரியவரும். இதே கடையில் சிமெண்ட் வருடத்துக்கு, அடக்க விலையில், 20 லட்சத்துக்கு விற்கிறது. இருப்போ 80,000 ரூபாய்தான். அது 15 நாளில் திரும்புகிறது. பி.வி.சி. பைப், பிட்டிங், ஆணி, கம்பி எல்லாம் சேர்த்து விற்பனை 14 லட்சம், இருப்பு 4.2 லட்சம், 110 நாள். பெயின்ட் விற்பனை 11 லட்சம், இருப்பு 4 லட்சம், 133 நாள். கடைசியாக பாத்ரூம் பிட்டிங்ஸ்: குழாய், ஷவர், வாஷ்பேசின். விற்பனை 3 லட்சம். இருப்பு 6 லட்சம். இரண்டு வருட விற்பனைக்கான சரக்கு அலமாரியில் நிற்கிறது. சிமெண்டின் வேகம் கடையின் சராசரியைக் கீழே இழுத்து, இந்த 730 நாளை மறைத்துவிட்டது.

இதைச் சொன்னால் கடைக்காரர் சொல்லும் பதிலை முன்கூட்டியே ஊகிக்கலாம்: “சிமெண்டுல என்ன நிக்குது? குழாய்லதான் நல்ல மார்ஜின்.” பதிலில் நியாயம் இருக்கிறது, அதையும் கணக்கில் போட்டுப் பார்க்க வேண்டும். சிமெண்டில் லாபம் அடக்க விலையில் 4 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 80,000 ரூபாய். அதற்காக முடங்கிய பணமும் 80,000. போட்ட ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய் லாபம். குழாயில் லாபம் 50 சதவீதம், வருடத்துக்கு ஒன்றரை லட்சம். அதற்காக முடங்கியது 6 லட்சம். ரூபாய்க்கு 25 காசு. அந்த 6 லட்சமும் 12 சதவீத வட்டிக்கு வாங்கிய பணமாக இருந்தால் வட்டியே 72,000 போய்விடும். மிச்சம் 78,000, அதிலிருந்துதான் அது பிடித்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு வாடகையும் போக வேண்டும். ஒரு வகைச் சரக்கின் வருட லாபத்தை அதன் சராசரி இருப்பால் வகுத்துப் பார்க்கும் இந்த ஒரு கணக்கை, மார்ஜினை மட்டும் பார்த்துச் சரக்கெடுக்கும் ஒவ்வொரு கடைக்காரரும் ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

குழாய் வியாபாரமே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த அலமாரிக்குள் இன்னும் ஒரு படி இறங்க வேண்டும். ஒவ்வொரு மாடலும் கடைசியாக எந்தத் தேதியில் விற்றது என்று பார்க்க வேண்டும். டேலியில் சரக்கு விவரத்தை ஒழுங்காக ஏற்றியிருந்தால் எந்தச் சரக்கு எத்தனை நாளாக நிற்கிறது என்ற அறிக்கை அதிலேயே கிடைக்கும். இல்லாவிட்டால் பெட்டி வந்திறங்கும்போதே மாதத்தையும் வருடத்தையும் மார்க்கரில் எழுதிவைத்தால் போதும். அப்படிப் பார்த்ததில், இந்த 6 லட்சத்தில் 4 லட்சத்துச் சரக்கு ஒரு வருடமாக ஒன்றுகூட விற்கவில்லை என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மாறிப்போன டிசைன், கம்பெனி நிறுத்திவிட்ட மாடல், ஜோடி உடைந்த செட். மீதமுள்ள 2 லட்சம்தான் வருடத்துக்கு 3 லட்சம் விற்பனையைத் தூக்கிச் சுமந்திருக்கிறது. அதன் இருப்பு 243 நாள். லாபம் ரூபாய்க்கு 75 காசு. இது நல்ல வியாபாரம்தான். அதன்மேல் 4 லட்சம் பாரமாக ஏறி உட்கார்ந்திருக்கிறது.

மெதுவாக நகர்கிற சரக்கெல்லாம் வேண்டாத சரக்கு ஆகிவிடாது. பிளம்பர் ஒருவர் இருபது பொருள் எழுதிய சீட்டோடு வருகிறார். அதில் ஒரு ரெட்யூசர் இல்லையென்றால் முழுச் சீட்டையும் பக்கத்துக் கடைக்கு எடுத்துப்போய்விடுவார். வருடத்துக்கு நான்கே விற்கும் அந்த ரெட்யூசர் முப்பது ரூபாய்ப் பொருள். அதை வைத்திருக்க ஆகும் செலவு மிகக் குறைவு, இல்லாவிட்டால் போகும் வியாபாரம் பெரிது. அதனால் இருப்பு நாட்களைக் குறைப்பதிலும் ஓர் எல்லை உண்டு. ஆர்டர் கொடுத்தால் சரக்கு வந்துசேர எத்தனை நாள், இடையில் விற்பனை திடீரென்று கூடினால் சமாளிக்க எத்தனை நாள், இந்த இரண்டும் சேர்ந்த அளவுக்குக் கீழே போகக்கூடாது. சிமெண்ட் லாரி வாரம் ஒருமுறை வரும் ஊரில் 15 நாள் இருப்பே தாராளம். மழைக்காலத்தில் ஈரக் காற்றுப் பட்டு மூட்டை கட்டிதட்டும் என்பதால் அதற்கு மேல் வைப்பது ஆபத்தும்கூட. பெயின்ட்டில் வேறொரு வழி இருக்கிறது. ஒவ்வொரு ஷேடுக்கும் தனித்தனி டின் அடுக்காமல், சில பேஸ்களை மட்டும் வைத்துக்கொண்டு டின்ட்டிங் மெஷினில் கலர் கலந்து கொடுத்தால், நூற்றுக்கணக்கான ஷேடுகளைக் குறைந்த இருப்பிலேயே விற்கலாம்.

சரக்கு இப்படித் தேங்குவது பெரும்பாலும் ஸ்கீமில்தான் தொடங்குகிறது. “2 லட்சத்துக்கு எடுத்தீங்கன்னா 3 பர்சென்ட் எக்ஸ்ட்ரா அண்ணே” என்கிறார் சேல்ஸ்மேன். கையில் வரும் லாபம் 6,000 ரூபாய். எடுக்கலாமா? அந்தக் குறிப்பிட்ட சரக்கு மாதம் எவ்வளவு விற்கிறது என்பதில் இருக்கிறது விடை. மாதம் 50,000 ரூபாய்க்கு விற்கும் வெள்ளை பேஸ் என்றால் 2 லட்சம் என்பது நான்கு மாதச் சரக்கு. மாதாமாதம் வாங்கியிருக்க வேண்டியதை முன்கூட்டி வாங்குகிறோம், அவ்வளவுதான். சராசரியாக ஒன்றரை மாதம் முன்னதாகப் பணம் போகிறது. மாதத்துக்கு 1 சதவீத வட்டியில் செலவு 3,000. தாராளமாக எடுக்கலாம். அதே ஸ்கீமில் மாதம் 15,000-க்கு மட்டுமே விற்கும் ஒரு வகையைத் தலையில் கட்டினால் அது பதின்மூன்று மாதச் சரக்கு. சராசரியாக ஆறு மாதம் முன்னதாகப் பணம் போகிறது, வட்டி ஏறத்தாழ 12,000. தள்ளுபடி 6,000, நஷ்டம் 6,000. ஏறக்குறைய ஏழு மாத விற்பனைக்கு மேல் போனால் 3 சதவீதம் நிற்காது. டின்னில் போட்டிருக்கும் உபயோகத் தேதியை இதில் இன்னும் சேர்க்கவில்லை.

தேங்கிய 4 லட்சத்துக்கு வருவோம். அது அடமானத்துக்கும் முழுதாக உதவாது. சி.சி. கடனில் எவ்வளவு எடுக்கலாம் என்று கணக்கிடும்போது வங்கிகள் பொதுவாகப் பழைய சரக்கையும், இன்னும் பணம் கொடுக்காத சரக்கையும் கழித்துவிடுகின்றன. முதலில் டிஸ்ட்ரிபியூட்டரிடம் மாற்றித்தரக் கேட்க வேண்டும். பெட்டி பிரிக்காத, இப்போதும் விற்பனையில் இருக்கும் மாடல்களைச் சிலர் எடுத்துக்கொள்வார்கள். மீதியை அடக்கத்துக்கு 30 சதவீதம் குறைத்து விற்றால் 4 லட்சம் 2.8 லட்சமாகும். 1.2 லட்சம் நஷ்டம் என்று மனம் அடித்துக்கொள்ளும். அந்த நஷ்டம் மாடல் மாறிய அன்றே நடந்துவிட்டது. விற்கும் அன்று கணக்கில் ஏறுகிறது. பி.வி.சி. பிட்டிங்கில் ரூபாய்க்கு 83 காசு லாபம் வருகிறதென்று சொல்லி 2.8 லட்சத்தையும் அதில் போட்டுவிடக் கூடாது. கேட்டு வந்தவர்களுக்கு இல்லையென்று சொல்லியனுப்பிய அளவுக்கு மட்டுமே அங்கே இடம் இருக்கிறது. அதைத் தாண்டினால் அங்கும் இருப்பு நாட்கள் ஏறும். மிச்சத்தைச் சி.சி. கணக்கில் கட்டினால் வட்டியாவது நிற்கும்.

விற்காத சரக்கைக் கழிவென்று எழுதித் தள்ளுவதைவிடக் கிடைத்த விலைக்கு விற்பது நல்லது என்பதற்கு வரிக் காரணமும் ஒன்று உண்டு. அழிந்த, கணக்கிலிருந்து நீக்கப்பட்ட அல்லது இலவசமாகக் கொடுத்த சரக்குக்கு, வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி. வரவு கிடைக்காது, ஏற்கெனவே எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். அடக்கத்துக்குக் கீழேயானாலும் பில் போட்டு விற்ற சரக்குக்கு அந்த வரவு கையில் நிற்கும்.