கேமராவுக்குப் பின்னால் – 6: இருவர் போனார்கள், ஒருவர் திரும்பினார்

போன வாரம் ஹெலிகாப்டரில் பொருத்திய கேமரா, ஆப்பிரிக்கக் காட்டு நாய்களின் வேட்டையை அவை திரும்பிக்கூடப் பார்க்காத உயரத்திலிருந்து படமெடுத்ததைப் பார்த்தோம். அதைப் படித்த என் அக்கா மகள், எட்டு வயது, ஒரு கேள்வியோடு வந்தாள். இங்கிலாந்தின் ஓர் ஆற்றங்கரையில் எடுத்த மீன்கொத்திப் படத்தை அவள் பார்த்திருக்கிறாள். “மாமா, அது ரொம்பக் கிட்ட இருந்துச்சு. கண்ணு, இறகு எல்லாம் தெரிஞ்சுது. அந்த ஆளு பக்கத்துலயே உட்கார்ந்திருக்காருன்னு அதுக்குத் தெரியாதா?”

தெரியாமல் பார்த்துக்கொள்வதற்கு ஒரு முறை இருக்கிறது. அது நூறு வருடத்துக்கும் மேற்பட்ட பழைய முறை. இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் பிறந்தவர்கள் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்ற சகோதரர்கள். காட்டுப் பறவைகளின் கூடுகளை அவை இருந்த இடத்திலேயே படமெடுத்து 1895-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். அன்றைய கேமரா ஒரு பெட்டி. அருகில் போகாமல் எதுவும் பதியாது. அருகில் போனால் பறவை பறந்துவிடும். பறவைகள் மேயும் மாட்டைக் கண்டு பயப்படுவதில்லை என்பதைக் கவனித்த அவர்கள், 1900-ல் உள்ளே குடைவான ஒரு பொய் மாட்டைச் செய்துகொண்டார்கள். அதன் வயிற்றுக்குள் ஒருவர் கேமராவோடு குனிந்து நிற்க வேண்டும். அந்த மாடு ஒருமுறை உள்ளே இருந்தவரோடு கவிழ்ந்து, நான்கு காலும் வானம் பார்க்கக் கிடந்த காட்சி புகைப்படமாகவே இருக்கிறது.

பொய் மாடு நிலைக்கவில்லை. சாதாரணத் துணிக் கூடாரம் நிலைத்தது. பறவைக்கு மாட்டு உருவம் அவசியமில்லை. அசையாமல், திடீரென முளைக்காமல், மனித உருவம் தெரியாமல் இருந்தால் எதையும் அது நிலத்தின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்கிறது. படப்பிடிப்புக் குழுக்கள் இந்தக் கூடாரத்தை ‘ஹைட்’ என்கின்றன. ஓர் ஆள் ஸ்டூலில் உட்காரும் அளவுதான். நம் கோயில் திருவிழாக்களில் வாசலில் நிற்கும் டிக்கெட் கூண்டைவிடச் சிறியது.

மீன்கொத்தியையே எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய நாற்பது கிராமே எடையுள்ள, முதுகில் நீலம் மின்னும் அந்தச் சிறிய மீன்கொத்தியை நம்மூர் ஏரி, குளக்கரைகளிலும் பார்க்கலாம். ஆற்றின் செங்குத்தான மண்கரையில் அலகால் குடைந்து, முக்கால் மீட்டர் அளவுக்கு ஒரு வளை தோண்டும். அதன் கோடியில் உள்ள அறையில் ஆறேழு முட்டை இடும். இங்கிலாந்தில் இதைக் கூட்டருகே தொந்தரவு செய்வது 1981-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். படமெடுக்க நினைப்பவர் முதலில் உரிமம் வாங்க வேண்டும்.

உரிமம் கிடைத்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. முதல் நாள் வேலைக்கு ஒரு நோட்டும் பேனாவும் பைனாகுலரும் போதும். எதிர்க்கரையில், வெகு தொலைவில் உட்கார்ந்து, பறவை வளைக்குள் நுழையும் ஒவ்வொரு நேரத்தையும் குறித்துக்கொள்கிறார்கள். வளர்ந்த குஞ்சுகள் ஏழு இருந்தால், தாயும் தகப்பனுமாக ஒரு நாளைக்கு நூறு மீன் வரை கொண்டுவரும். அங்கே ஜூன் மாதத்தில் பகல் பதினாறு மணி நேரம். கணக்குப் போட்டால் பத்து நிமிடத்துக்கு ஒரு மீன். இந்த எண் கையில் இல்லாவிட்டால், பின்னால் பறவைக்குத் தொந்தரவா இல்லையா என்று சொல்ல யாராலும் முடியாது. ‘பார்க்க நல்லாத்தான் இருக்கு’ என்பது அளவுகோல் ஆகாது.

அடுத்து, எப்போது கூடாரம் போடுவது? வளை தோண்டும்போதும், முட்டை இட்ட தொடக்க நாட்களிலும் கூடாது. அப்போது பறவைக்கு அந்த இடத்தின் மேல் பிடிப்பு குறைவு. பயந்தால் விட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சு பொரித்து நன்றாகத் தீனி கேட்கும் நாட்களே சரி. அப்போதும் கூடாரத்தை முதல் நாளே வளைக்கு எதிரே நட்டுவிட மாட்டார்கள். முப்பது மீட்டர் தள்ளி வைத்துவிட்டு ஒரு நாள் சும்மா விடுவார்கள். மறுநாள் இருபது. பிறகு பன்னிரண்டு, எட்டு, ஐந்து. ஒவ்வொரு முறையும் நகர்த்திவிட்டு, தொலைவில் போய் நோட்டைத் திறப்பார்கள். பத்து நிமிட இடைவெளி திரும்பினால்தான் அடுத்த அடி. திரும்பாவிட்டால் கூடாரம் பழைய இடத்துக்குப் போகும்.

இந்த நாட்களில் கூடாரத்துக்குள் ஆள் கிடையாது, கேமராவும் கிடையாது. ஆனால் லென்ஸ் வரவேண்டிய துளையில் ஒரு கண்ணாடி பாட்டிலைச் செருகி, அடிப்பக்கம் வெளியே தெரியும்படி வைத்திருப்பார்கள். அந்தப் பளபளக்கும் வட்டம் பறவைக்குப் பழகிவிடும். படமெடுக்கும் நாளில் பாட்டில் இருந்த இடத்தில் லென்ஸ் வரும். பறவை வித்தியாசம் காண்பதில்லை. துணியையும் கம்பி போல இழுத்துக் கட்டுவார்கள். காற்றில் படபடக்கும் ஒரு தொங்கல் போதும், ஒரு வாரப் பொறுமையைக் கெடுக்க.

இனிதான் என் தலைப்பில் உள்ள தந்திரம். பறவைக்குத் தெரிந்தே ஓர் ஆள் கூடாரத்துக்குள் போனால், அவர் வெளியே வரும்வரை அது அருகில் வராது. அதனால் இருவர் சேர்ந்து பேசிக்கொண்டே நடந்து போவார்கள். ஒருவர் உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொள்வார். மற்றவர் நன்றாகத் தெரியும்படி திரும்பி நடந்து, கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடுவார். ‘மனிதன் வந்தான், போய்விட்டான்’ என்று பறவை அமைதியாகிவிடும். பெரும்பாலான பறவைகளிடம் இது பலிக்கிறது. காகக் குடும்பத்திடம் நம்ப முடியாது. அவற்றுக்கு விடிவதற்கு முன்பே போய் உட்கார்ந்து, இருட்டிய பின்தான் வெளியே வர வேண்டும். வெளியேறும்போதும் அதே முறைதான். நண்பர் நடந்து வந்து கூடாரத்தைத் தொட, பறவை அவரைக் கண்டு விலகும். அந்த நேரத்தில் உள்ளே இருந்தவர் வெளியேறிவிடுவார். கூடாரத்திலிருந்து மனிதன் முளைப்பதை அது ஒருபோதும் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால், மறுநாள் முதல் அந்தக் கூடாரமே அதற்கு எதிரி.

உள்ளே உட்கார்ந்தவருக்கு நான்கைந்து மணி நேரம் கால் நீட்ட முடியாது. அவர் கண் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது. ஒன்று, காட்சி. மற்றொன்று, பறவையின் மனநிலை. மீன்கொத்தி இதை அலகிலேயே எழுதிக் காட்டிவிடுகிறது. தான் தின்னப் பிடித்த மீனின் தலை அதன் தொண்டைப் பக்கம் இருக்கும். குஞ்சுக்குக் கொண்டுபோகும் மீனின் தலை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். குஞ்சு தலைப்பக்கமாக விழுங்கினால்தான் செதிலும் துடுப்பும் தொண்டையில் மாட்டாது. ஆகவே, மீன் தலை வெளியே நீட்டியபடி ஒரு மீன்கொத்தி வளைக்கு எதிர்க் கிளையில் வந்து உட்கார்ந்தால், அது வீட்டுக்குச் சோறு கொண்டுவந்திருக்கிறது என்று அர்த்தம். ஓரிரு நொடி பார்த்துவிட்டு நேரே வளைக்குள் பாய்ந்தால், நல்லது. தலையை மேலும் கீழும் ஆட்டி, உரக்கக் கூவி, வளையைத் தாண்டிப் பறந்து மறுபடி கிளைக்கே வந்தால் தயக்கம். கடைசியில் அந்த மீனை அலகில் திருப்பித் தானே விழுங்கிவிட்டால்? உள்ளே ஏழு குஞ்சுகளில் ஒன்று ஒரு வேளை பட்டினி. காரணம் எதிரே இருக்கும் துணிக் கூடாரம். அந்த இடத்தில் கேமராவை அணைக்க வேண்டும். நண்பரை அழைத்து, வெளியேறி, கூடாரத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். எவ்வளவு அழகான வெளிச்சமாக இருந்தாலும் சரி.

அப்படியானால் வளைக்குள், கும்மிருட்டில் குஞ்சுகள் வாய் பிளக்கும் காட்சி எப்படி வந்தது என்று அக்கா மகள் மடக்கினாள். நல்ல கேள்வி. இயற்கையான வளையைப் பின்னாலிருந்து உடைத்துப் பார்ப்பது ஆபத்தான வேலை. அதனால் பல படங்களில், கூடு கட்டும் பருவத்துக்கு முன்பே செயற்கை மண்சுவர் ஒன்றைக் கட்டி, பின்னால் ஓர் அறையும் சிறிய கேமராவும் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். பறவை விரும்பினால் வரும். வராத வருடத்தில் படம் இல்லை.

கூடாரம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. நீர்நாய், நரி போன்ற பாலூட்டிகள் மூக்கால் பார்ப்பவை. துணிக்குள் ஒளிந்தாலும் காற்று நம்மைக் காட்டிக்கொடுக்கும். மரக்கிளையில் திறந்தவெளிக் கூடு கட்டும் பறவைகளுக்கு வேறு ஆபத்து. அங்கே தெளிவான காட்சிக்காக இலையை விலக்குபவர், கூட்டின் கூரையைப் பிரிக்கிறார்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கல்லூரி நாட்களில், இரவல் கேமராவோடு, எங்கள் வீட்டு மருதாணிச் செடியில் கூடு கட்டியிருந்த கொண்டைக்குருவியைப் படமெடுத்தேன். குறுக்கே இரண்டு கொப்பு இருந்தது, ஒடித்தேன். படம் அருமையாக வந்தது. மூன்று குஞ்சுகள், சிவந்த வாய்கள். மறுநாள் காலை கூடு சாய்ந்து கிடந்தது. தாய்ப் பறவை அலகில் புழுவோடு பக்கத்துக் கம்பியில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது. மதில் மேல் இரண்டு காக்கைகள். நான் ஒடித்த இடைவெளி எனக்கு எவ்வளவு தெளிவாகக் காட்டியதோ, அவற்றுக்கும் அவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்கிறது. கொப்பை ஒடிக்காமல் நூலால் வளைத்துக் கட்டி, பத்து நிமிடத்தில் அவிழ்த்துவிடுவது கூடாரக்காரர்களின் வழக்கம். அதிலும் வெயில் நேரம் என்றால் தொடவே மாட்டார்கள். நிழல் போன கூட்டில் இறகு முளைக்காத குஞ்சு வெந்துவிடும். இன்று இந்தியாவில் பலர் கூட்டருகே படமெடுப்பதையே விட்டுவிட்டார்கள். கூட்டுப் படங்களை ஏற்காத போட்டிகளும் உண்டு. அந்த முடிவு எனக்குச் சரியாகப் படுகிறது. முப்பது மீட்டரிலிருந்து ஐந்து மீட்டருக்கு வர ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும் பொறுமை எல்லோருக்கும் இருக்காது.

அக்கா மகள் வீட்டுப் பால்கனியில் இப்போது ஒரு மைனா ஜோடி, பழைய ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் குடித்தனம் வைத்திருக்கிறது. அவளிடம் போன் கேமரா கொடுக்கவில்லை. ஒரு நோட்டும் சுவர்க் கடிகாரமும் போதும் என்றேன். ஜன்னல் திரை மூடியிருக்கும்போது ஒரு மணி நேரத்தில் மைனா எத்தனை முறை இரையோடு வருகிறது, திரையை விலக்கினால் எத்தனை முறை என்று குறிக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாள்: “திரை மூடினா பதினொண்ணு, மாமா. திறந்தா நாலு.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “நான் மூடியே வச்சுட்டேன்” என்றாள்.

(அடுத்த வாரம்: ஆளே இல்லாத காட்டில், இரவில், தானாக இயங்கும் கேமரா.)