சராசரி சொல்லாமல் விடுவது

வகுப்புச் சராசரி 60 என்றால், பிள்ளைகள் எல்லோரும் 60-ஐ ஒட்டி எடுத்தார்களா, சிதறிக் கிடக்கிறார்களா என்பது அதில் தெரியாது. அதைச் சொல்வது திட்ட விலக்கம்: மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்ற அளவு.

ஐந்து பேரின் மதிப்பெண்கள் 40, 50, 60, 70, 80. சராசரி 60. ஒவ்வொருவரும் அதிலிருந்து விலகியிருப்பது -20, -10, 0, 10, 20. இவற்றை அப்படியே கூட்டினால் பூஜ்யம்தான் வரும். மேலே போனதைக் கீழே போனது அடித்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்துகிறோம்: 400, 100, 0, 100, 400. கூட்டினால் 1000, ஐந்தால் வகுத்தால் 200. இது மதிப்பெண்ணின் வர்க்கம். மறுபடி மதிப்பெண்ணாக்க வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 14. இன்னொரு வகுப்பில் 58, 59, 60, 61, 62 என்றால் அதே சராசரி 60-தான். திட்ட விலக்கமோ ஏறக்குறைய 1.4.

வர்க்கப்படுத்துவதில் ஒரு விளைவு உண்டு. தூரத்தில் நிற்பவரின் குரல் ஓங்கிவிடும். நான்கு பேர் 60, ஒருவர் மட்டும் 10 எடுத்தால் சராசரி 50, திட்ட விலக்கம் 20. ஆனால் 20 மதிப்பெண் தள்ளி அங்கே யாருமே இல்லை. நான்கு பேர் 10 தள்ளியும் ஒருவர் 40 தள்ளியும் நிற்கிறார்கள். திட்ட விலக்கம் பெரிதாக வந்தால், வகுப்பே சிதறியிருக்கிறதா, ஒரே ஒரு பிள்ளை பின்தங்கியிருக்கிறதா என்று ஆசிரியர் மதிப்பெண் பட்டியலைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். இரண்டுக்கும் செய்ய வேண்டிய உதவி வேறு வேறு.