கேட்டும் பந்தும்: ஒரு வாய்ச்சண்டையை எழுதுவது எப்படி?

இரண்டு வீடு, நடுவில் ஒரே கேட், வேலி தாண்டிப் போன ஒரு பந்து. ரந்தாவ், லாபு பக்கத்துத் தோட்டங்களில் லயத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. பள்ளிக் கலைநிகழ்ச்சிக்கு ஐந்து நிமிட நாடகம் எழுதச் சொன்னால் மாணவர்கள் பலரும் இப்படி ஒரு சண்டையைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் எழுதி வருவது பெரும்பாலும் வசவாகவே இருக்கிறது. “உனக்கு அறிவு இருக்கா?” என்று ஒருவர் கேட்க, “உனக்குத்தான் இல்ல” என்கிறார் மற்றவர். இந்த வசனத்தில் கேட்டை எடுத்துவிட்டு வாளியை வைத்தாலும் எதுவும் மாறாது.

எதிரி சொன்ன சொல்லையே பிடித்துத் திருப்புவதுதான் பதிலடி. இது நமக்குப் புதிதல்ல. முக்கூடற் பள்ளில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஏசிக்கொள்ளும் பகுதியைப் பாருங்கள். ஒருத்தி திருமாலின் கதைகளைச் சொல்லிக் குத்துவாள். மற்றவள் சிவன் கதைகளை எடுத்து அதே தாளத்தில் திருப்பிக் குத்துவாள். கடைசியில் இருவரும் சமாதானம் ஆகிவிடுவார்கள்.

நான் எழுதும்போது முதலில் முடிவு செய்வது இருவரின் வயதை. ஒரு பக்கம் பால்மரம் வெட்டி ஓய்ந்த பாட்டி, மறுபக்கம் ஐந்தாம் படிவப் பையன் என்று வைத்துக்கொள்வோம். பாட்டி ‘டா’ போடலாம், பையனோ ‘நீங்க’வைத் தாண்ட முடியாது. மரியாதையோடுதான் மடக்க வேண்டும் என்ற அந்தக் கட்டுப்பாடுதான் அவன் பேச்சுக்கு ருசி தருகிறது. சம வயதுக்காரர் இருவரை வைத்தால் இது கிடைக்காது.

பாட்டி: ஏன்டா, கேட்டத் தொறந்து போட்டுட்டுப் போறியே, ஆடு வந்து என் கறிவேப்பிலைய மேஞ்சா?

பையன்: கேட் ரெண்டு வீட்டுக்கும் பொதுன்னு நீங்கதானே சொன்னீங்க பாட்டி? தொறக்கிறது என் பங்கு, சாத்துறது உங்க பங்கு.

பாட்டி: ஓ, பங்கு பிரிக்கிறியா? அப்ப என் பங்குல விழுந்த பந்தும் எனக்குத்தான்.

பையன்: வச்சுக்குங்க பாட்டி. ஆனா உங்க பூச்சட்டிய ஒடச்சது இனி உங்க பந்து. நான் காசு தர வேண்டியதில்ல.

பாட்டி: பந்து என்னுதுன்னா அத அடிச்ச மட்டை மட்டும் எதுக்குடா ஒனக்கு? அதையும் கொண்டாந்து வை.

‘பங்கு’ என்ற ஒரு சொல் எப்படி நகர்கிறது என்று கவனியுங்கள். கேட்டில் தொடங்கி, பந்துக்கு வந்து, பூச்சட்டியில் மோதி, மட்டையில் நிற்கிறது. யாரும் யாரையும் திட்டவில்லை. நடுவில் ஒரு வரியை மூடிவிட்டுப் படித்துப் பாருங்கள். பேச்சு அறுந்தால் அந்த வரி உண்மையான பதில். அறுக்காமல் ஓடினால் அது வெறும் சத்தம், வெட்டிவிடலாம்.

இப்படி நான்கைந்து சுற்றுக்கு மேல் ஒரே சொல்லை இழுத்தால் சலித்துவிடும். புதுச் சொல் வேண்டும். அதை வெளியே தேடாமல் தோட்டத்திலேயே தேடலாம். தோட்டத்தில் ‘பால்’ என்றால் மரத்துப் பால், கிரிக்கெட்டிலோ பந்து. மழையில் பட்டை நனைந்துவிட்டால் மரம் வெட்ட முடியாது. நாட்கூலிக் காலத்தில் அன்றைய சம்பளமும் கிடையாது.

பையன்: பாட்டி, இந்த ஆட்டத்துல அது நோ பால். கணக்குல சேராது, குடுத்துருங்க.

பாட்டி: நோ பால பத்தி எனக்கே பாடமா? மழை பேஞ்ச அன்னிக்கெல்லாம் நோ பால்தான்டா எங்களுக்கு. அன்னிக்கு அடுப்புல ஒலையும் கெடையாது.

இந்த இடத்தில் பார்வையாளர்கள் சிரிப்பார்கள், உடனே கொஞ்சம் அடங்குவார்கள். பையனுக்கு இதற்குப் பதில் எழுதாதீர்கள். பலரும் இங்கேதான் சொதப்புகிறார்கள். “மன்னிச்சிடுங்க பாட்டி, உங்க கஷ்டம் புரியுது” என்று ஒரு வரி சேர்த்து நாடகத்தைப் பாடப்புத்தகம் ஆக்கிவிடுகிறார்கள். பையன் ஒன்றும் பேசாமல் போய் கேட்டைச் சாத்தட்டும். கொக்கி மாட்டும் சத்தம் கேட்கட்டும்.

பாட்டி: (பந்தை வீசிக்கொண்டே) இனிமே கேட்டுட்டுக் கேட்டத் தொற!

இந்தச் சிலேடை உங்களுக்கு முதலிலேயே தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித்தான். ஆனால் தொடக்கத்திலேயே போட்டிருந்தால் வெறும் சொல் விளையாட்டாகப் போயிருக்கும்.