பத்திரம் தரும் முழு வருவாய்

அரசாங்கக் கடன் பத்திரத்தில் அச்சிட்ட வட்டியையே அதன் வருவாயென அங்கத்தினர் பலர் கொள்கின்றனர். முதிர்வுக்கு முன் விற்கவேண்டிய பத்திரத்திற்கு இக்கணக்குப் போதாது.

ஓர் உதாரணம் காண்போம். ஆண்டுக்கு 8 சதவீத வட்டி தரும் ஐந்தாண்டுப் பத்திரமொன்றை, முகமதிப்பான ரூ. 1,000-க்கே வாங்குகிறோம். கிடங்கு கட்ட மூன்றாம் ஆண்டின் இறுதியில் பணம் தேவை. ஆண்டுதோறும் வரும் ரூ. 80-ஐ 6 சதவீத வட்டிக்கு வைப்பில் இட்டு வந்தால், மூன்று தவணையும் சேர்ந்து ஏறக்குறைய ரூ. 255 ஆகும்.

இனி விற்பனை விலை. அப்பொழுது சந்தையில் ஈராண்டுப் பத்திரங்கள் 10 சதவீதம் தருமாயின், நம்முடையதை எவரும் முழு விலைக்கு வாங்கார். ஓராண்டு கழித்து வரும் 80-ஐ 1.10 ஆலும், ஈராண்டு கழித்து வரும் 1,080-ஐ 1.21 ஆலும் வகுத்துக் கூட்டினால் ரூ. 965, அதுவே விலை. ஆக மொத்தம் நம் கைக்கு வருவது ரூ. 1,220. இது கூட்டுவட்டிக் கணக்கில் ஆண்டுக்கு 6.85 சதவீதமே. சந்தை வட்டி 6 சதவீதமாக இறங்கினாலோ, விலை ரூ. 1,037, வருவாய் 8.9 சதவீதம்.

ஆகவே, வாங்குமுன் இவ்விரு கணக்கையும் போட்டுப் பார்த்தல் வேண்டும். குறைந்த தொகை கிடங்குச் செலவுக்குப் போதாதெனில், மூன்றாண்டில் முதிரும் பத்திரத்தை நாடுவதே நலம். அதில் விற்பனை விலையைப் பற்றிய ஐயமில்லை. வட்டிப் பணத்தை மீண்டும் இடும் வீதம் ஒன்றே மாறக்கூடும்.