மஞ்சள் கணக்கு – 11: லண்டனில் அதே விலை, நேரு வீதியில் வேறு விலை

தங்கத்தின் ரூபாய் விலை என்பது இரண்டு விலைகளின் பெருக்கல். ஒரு டிராய் அவுன்ஸ் தங்கத்துக்கு எத்தனை டாலர் என்பது ஒன்று. ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் என்பது மற்றொன்று. பெருக்கி வரும் தொகையின் மேல் இறக்குமதி வரி ஏறுகிறது. இந்தியா தனக்கு வேண்டிய தங்கத்தில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்து டாலர் கொடுத்துத்தான் வாங்குகிறது. அதனால் டாலர் விலை அசையாமல் நின்றாலும், டாலரின் ரூபாய் மதிப்போ வரியோ கூடினால் கடைப் பலகையில் விலை ஏறிவிடும். லண்டனில் நாளுக்கு இருமுறை டாலர் விலை முடிவாகும் விதம் சென்ற வாரமே வந்துவிட்டது.

இதைத் தெளிவாகக் காட்டும் ஆண்டு 2013. அந்த ஆண்டு மே மாதக் கடைசியில் லண்டனில் ஒரு அவுன்ஸ் சுமார் 1,395 டாலர். இடையில் ஜூன் மாதம் 1,200 டாலருக்கும் கீழே இறங்கி, பிறகு மீண்டு, ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும் அதே 1,395 டாலருக்கு வந்து நின்றது. மூன்று மாத இடைவெளியில் தொடக்கமும் முடிவும் ஒன்றே. ஆனால் மே கடைசியில் ஏறத்தாழ 56 ரூபாய் 50 காசாக இருந்த டாலர், ஆகஸ்ட் கடைசியில் 66 ரூபாயைத் தொட்டிருந்தது. நடுவில் ஆகஸ்ட் 28 அன்று 68 ரூபாய் 80 காசு வரை போய் வந்தது. இறக்குமதி வரியும் 6 விழுக்காட்டிலிருந்து ஜூன் மாதம் 8 ஆகவும், ஆகஸ்ட் 13 அன்று 10 ஆகவும் உயர்ந்தது.

ஒரு பவுனுக்கு இதன் விளைவைக் கணக்கிடலாம். ஒரு டிராய் அவுன்ஸ் 31.1035 கிராம். 22 காரட் பவுன் 8 கிராமில் சுத்தத் தங்கம் 7.33 கிராம். அவுன்ஸ் 1,395 டாலர் என்றால் அந்தச் சுத்தத் தங்கத்தின் விலை சுமார் 329 டாலர். மே கடைசியில் அது 18,590 ரூபாய். 6 விழுக்காடு வரியைச் சேர்த்தால் 19,700 ரூபாய். ஆகஸ்ட் கடைசியில் அதே 329 டாலர் 21,710 ரூபாய். 10 விழுக்காடு வரியைச் சேர்த்தால் 23,880 ரூபாய். பவுனுக்குச் சுமார் 4,180 ரூபாய் ஏற்றம். அதில் ஏறத்தாழ 3,310 ரூபாய் ரூபாயின் வீழ்ச்சியால் வந்தது. மீதி 870 ரூபாய் வரி உயர்வால் வந்தது. தங்கத்தின் டாலர் விலையால் வந்தது ஒன்றுமில்லை.

ரூபாய் விழுந்த காரணத்தில் தங்கத்துக்கும் பங்கு உண்டு. 2012-13 நிதியாண்டில் நாட்டின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.8 விழுக்காடு. கச்சா எண்ணெய்க்கு அடுத்தபடியாக டாலரை அதிகம் இழுத்த இறக்குமதி தங்கம். அந்த நிலையில், மே 22 அன்று அமெரிக்க மைய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி, கடன் பத்திரங்கள் வாங்குவதைக் குறைக்கக்கூடும் என்று சொன்னார். அயல்நாட்டு முதலீடு இந்தியாவை விட்டு வெளியேறத் தொடங்கியது. எல்லோரும் டாலரைத் தேட, ரூபாய் சரிந்தது. தங்கம் வாங்க டாலர் போவதைத் தடுக்கவே அரசு வரியை உயர்த்தியது. அந்த வரியும் விலையிலேயே வந்து சேர்ந்தது.

புதுச்சேரியில் இதே மூன்று மாதங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வேறு எந்த ஊரையும்விட இங்கே அது துலக்கமாகத் தெரியும். 1962 ஆகஸ்ட் 16 அன்று பிரெஞ்சிந்தியப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் கிடைத்தது. அப்படி வைத்துக்கொண்ட குடும்பங்களும், பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தாக்களின் குடும்பங்களும் இன்றும் நகரில் வாழ்கின்றன. அவர்களில் பலருக்கு ஓய்வூதியம் யூரோவில் வருகிறது.

2013 மே கடைசியில் ஒரு யூரோ ஏறத்தாழ 73 ரூபாய் 40 காசு. ஆகஸ்ட் கடைசியில் ஏறத்தாழ 87 ரூபாய் 30 காசு. மாதம் 1,000 யூரோ ஓய்வூதியம் பெறும் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால், மே மாதத்தில் அந்தப் பணத்துக்கு 3.7 பவுன் கிடைத்திருக்கும். ஆகஸ்டிலும் கிட்டத்தட்ட அதே 3.7 பவுன்தான். ஒரு பவுனின் விலை அவர்களுக்கு 268 யூரோவிலிருந்து 274 யூரோவாக, 2 விழுக்காடு மட்டுமே கூடியது. அடுத்த வீட்டில் 30,000 ரூபாய் மாதச் சம்பளம் வாங்குபவருக்கோ, மே மாதத்தில் ஒன்றரைப் பவுன் வாங்கப் போதுமான சம்பளம், ஆகஸ்டில் ஒன்றேகால் பவுனுக்குத்தான் போதும். ஒரே தெரு, ஒரே கடை, ஒரே நகை. ஒருவருக்குத் தங்கம் 21 விழுக்காடு ஏறிவிட்டது. மற்றவருக்கு ஏறவே இல்லை என்றே சொல்லலாம். அந்த 21 விழுக்காட்டில் பெரும்பகுதி ரூபாயின் இறக்கம் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது.

இந்த ஊர் இதன் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியிலும் இங்கே புழங்கியது ரூபாய்தான். இந்தோசீனா வங்கி அச்சிட்ட அந்த ரூபாய், இந்திய ரூபாயை ஒட்டியே நின்றது. அக்காலத்தில் தங்கத்தின் அதிகாரபூர்வ விலை அவுன்ஸுக்கு 35 டாலர் என்று கட்டப்பட்டிருந்தது. 1948 ஜனவரியில் பிரான்ஸ் தன் ஃபிராங்கின் மதிப்பைக் குறைத்தது. டாலருக்கு 119 ஃபிராங்க் என்பது 214 ஃபிராங்க் ஆயிற்று. 35 டாலர் 35 டாலராகவே இருக்க, ஒரு அவுன்ஸின் ஃபிராங்க் மதிப்பு சுமார் 4,170-லிருந்து 7,500-ஆக எழும்பியது. அன்று ஃபிராங்கில் சேமிப்பு வைத்திருந்தவருக்குத்தான் அடி; ரூபாய் வைத்திருந்தவருக்கு இல்லை. 2013-இல் நிலைமை தலைகீழ்.

பெருக்கலுக்கும் வரிக்கும் அடங்காத ஒரு பகுதியும் விலையில் உண்டு. உள்நாட்டில் சரக்குக்குத் தட்டுப்பாடு வந்தால் வியாபாரிகள் கூடுதல் தொகை கேட்பார்கள். சரக்கு தேங்கினால் குறைத்துத் தருவார்கள். 2013 ஜூலை 22 அன்று ரிசர்வ் வங்கி, இறக்குமதியாகும் தங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஏற்றுமதிக்குப் போக வேண்டும் என்று விதித்தது. வரத்து அடைபட்டு, அந்த டிசம்பரில் இந்தக் கூடுதல் தொகை அவுன்ஸுக்கு 160 டாலர் வரை சென்றது. 2014 நவம்பரில் விதி நீங்கியது. முகூர்த்த மாதங்களில் கூடும் தேவையும் பெரும்பாலும் இந்தப் பகுதியைத்தான் சிறிது அசைக்கும். லண்டன் விலையையோ டாலரின் மதிப்பையோ நகர்த்தும் அளவு அதற்கு இல்லை.

விலை ஏன் ஏறியது என்பதை வாசகரே சோதிக்கலாம். அன்றைய டாலர் விலையை 31.1035-ஆல் வகுத்து, 7.33-ஆல் பெருக்கி, டாலரின் ரூபாய் மதிப்பால் பெருக்கி, வரியைச் சேர்க்க வேண்டும். கிடைக்கும் தொகை கடைப் பலகையின் பவுன் விலைக்கு அருகில் இருந்தால், ஏற்றம் இந்த எண்களில் ஒன்றிலிருந்து வந்தது. முந்தைய மாத எண்களோடு ஒப்பிட்டால் எது என்று தெரியும். பலகை விலை அதற்கு வெகுவாக மேலே இருந்தால் சரக்குத் தட்டுப்பாடு. சுங்கத்துறை வரி கணக்கிட அடிப்படை மதிப்பை இரு வாரங்களுக்கு ஒருமுறைதான் பொதுவாக மாற்றுகிறது என்பதால், சிறு வேறுபாடு எப்போதும் இருக்கும்.

இறங்கும்போதும் இதே கணக்குதான். 2024 ஜூலை 23 அன்று நிதிநிலை அறிக்கை வரியை 15 விழுக்காட்டிலிருந்து 6 ஆகக் குறைத்தது. அன்றே பவுன் விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் சரிந்தது. பழைய வரியில் வாங்கிய சரக்கு கையிருப்பில் இருந்ததால் முழுக் குறைவும் ஒரே நாளில் வந்து சேரவில்லை.

இந்த வாரம் வருவதாக இருந்த செய்கூலியும் சேதாரமும் பலகை விலைக்குப் பிறகே தொடங்குபவை, ஜி.எஸ்.டி.யும் அப்படியே. அவை மூன்றும் அடுத்த வாரம்.