எதிர்க்கடையில் என்ன விலை?

பேருந்து நிலையத்து வாசலில் இரண்டு கடைகள். ஒன்றில் ஃபில்டர் காபி, எதிரே டீ. காபிக்காரர் விலைப் பலகையைத் துடைத்துப் புது விலை எழுதும் முன் எதிர்க்கடைப் பலகையை ஒரு தரம் பார்த்துக்கொள்வார். அந்தப் பார்வைக்குள் ஒரு கணக்கு இருக்கிறது.

எளிமைக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். காபி விலை க, டீ விலை ட. ஒரு மணி நேரத்தில் விற்கும் காபி 200 − 10க + 5ட. டீ 120 − 10ட + 5க. காபி ஒரு ரூபாய் ஏறினால் பத்துப் பேர் விலகுகிறார்கள். ஐந்து பேர் டீக்கடைக்குப் போகிறார்கள், மீதி ஐந்து பேர் எதையும் குடிக்காமல் பஸ் ஏறிவிடுகிறார்கள். ஒரு காபிக்கு அடக்கம் 6 ரூபாய், டீக்கு 4.

காபி விலையை ஒரு ரூபாய் ஏற்றினால், விற்கிற ஒவ்வொரு கப்புக்கும் ஒரு ரூபாய் கூடுதல் வரவு. ஆனால் போய்விட்ட பத்துக் கப்பின் லாபம் நஷ்டம். வரவும் நஷ்டமும் சமமாகும் இடம்தான் சரியான விலை:

200 − 10க + 5ட = 10(க − 6)

சுருக்கினால் க = 13 + ட/4. டீ விலை இன்னதென்றால் காபி விலை இவ்வளவு என்று சொல்லும் இதற்கு எதிர்வினைச் சார்பு என்று பெயர். டீக்காரருக்கும் இதே போல ட = 8 + க/4.

டீ 8 ரூபாய் என்று தொடங்கட்டும். காபி 15 ஆகும். அதைப் பார்த்து டீ 11.75, அதைப் பார்த்துக் காபி ஏறக்குறைய 15.94. ஒவ்வொரு நகர்வும் முந்தியதைவிடச் சிறியது. எங்கே நிற்கும்? இரண்டாவதை முதலாவதில் போட்டால் க = 15 + க/16. ஆக காபி 16, டீ 12. நூறு காபி விற்று 1,000 ரூபாய் லாபம். எண்பது டீயில் 640. காபியை 15 ஆக்கினாலும் 17 ஆக்கினாலும் 990தான். டீக்காரர் 12இல் நிற்கும்வரை காபிக்காரர் நகர மாட்டார். அவர் நகராதவரை இவரும் நகர மாட்டார்.

காபித்தூள் விலை ஏறி, கப்புக்கு அடக்கம் 2 ரூபாய் கூடினால்? முதல் சமன்பாடு க = 14 + ட/4 என மாறும். விடை: காபி சுமார் 17.07, டீ 12.27. ஏற்றத்தில் பாதியைக் காபிக்காரரே தாங்குகிறார். ஒரு பைசா செலவு கூடாத டீக்காரரும் 27 பைசா ஏற்றுகிறார்.

இரண்டு கடையிலும் ஒரே சரக்கு என்றால் கதை வேறு. 1883இல் ஜோசஃப் பெர்ட்ராண்ட் காட்டியது அது: சற்றே குறைத்தவர் மொத்தக் கூட்டத்தையும் அள்ளுவார், விலை அடக்கம்வரை இறங்கும். இங்கே அப்படி ஆகாமல் தடுப்பது, டீ என்ன விலைக்கு விற்றாலும் காபிதான் வேண்டும் என்று நிற்கிற ஆட்கள்.