தண்ணீர் 94 பாகையில் கொதிக்கும் ஊரில் பாண் சுடுவது

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் 1,271 மீற்றர். பாண் சுடக் கற்றுத்தரும் புத்தகங்களும் காணொளிகளும் பெரும்பாலும் கொழும்பு, சென்னை, லண்டன் போன்ற தாழ்ந்த ஊர்களின் அடுப்படிகளில் பிறந்தவை. "ஒரு மணி நேரம் பொங்க விடுங்கள், நடுப்பகுதி 97 பாகை வந்ததும் இறக்குங்கள்" என்று அவை சொல்லும். நுவரெலியாவில் முதலாவதை நம்பினால் பாண் கல்லாகலாம். இரண்டாவதை நம்பினால் பாண் காய்ந்து கருகும் வரை காத்திருக்க வேண்டியதுதான், ஏனென்றால் அந்த 97 இங்கே வரவே வராது.

முதலில் குளிரைப் பார்ப்போம். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் நிற்கிறது. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனியும் விழுவதுண்டு. தோசை மா இங்கே லேசில் புளிக்காது என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். பாண் மாவிலுள்ள ஈஸ்டும் அப்படித்தான். 28 பாகையில் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்கு, 16 பாகையில் அது இரண்டரை, மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் உயரம் இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. நுவரெலியாவின் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். வெளியிலிருந்து அழுத்தும் காற்று குறைவாக இருப்பதால், ஈஸ்ட் விடும் காபனீரொட்சைட்டு வாயு அதே அளவாக இருந்தாலும் கிட்டத்தட்ட கால் பங்கு கூடுதல் இடத்தைப் பிடிக்கும். அதாவது மா இரட்டிப்பதற்கு இங்கே குறைந்த வாயு போதும். குளிர் மட்டும்தான் பிரச்சினை என்று எண்ணி மாவை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றினால், அது கடற்கரையை விடவும் சீக்கிரமாகவே எழும்பிவிடும். மா பொங்கியிருக்கும், ஆனால் புளித்துப் பக்குவப்பட்டிருக்காது. அப்படிச் சுட்ட பாணில் வாசமும் இருக்காது, ருசியும் இருக்காது.

அமெரிக்காவில் கடல்மட்டத்துக்கு 1,609 மீற்றர் மேலே உள்ள டென்வர் நகரத்தவர்களுக்காக உயரமான ஊர்களின் சமையல் குறிப்புகள் நிறைய எழுதப்பட்டிருக்கின்றன. ஈஸ்டைக் குறை, தண்ணீரைக் கூட்டு என்பவை அவற்றின் பொதுவான அறிவுரைகள். முதலாவது, மாவைச் சூடான இடத்தில் பொங்க வைப்பவர்களுக்கு நமது ஊரிலும் பொருந்தும். இரண்டாவது அப்படியே பொருந்தாது. டென்வர் வறண்ட ஊர், அங்கே மா காய்ந்து கிடக்கும். நமது மழைக்காலத்தில் மூடாத மாப்பையே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காற்று காயும் பனிக்காலத்தில் மட்டும் இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர் கூடச் சேர்த்துப் பாருங்கள்.

இனி ஒரு பாணைச் சுட்டே பார்ப்போம். கடையில் விற்கும் ஓர் இறாத்தல் பாண் 450 கிராம். சூட்டில் ஏழில் ஒரு பங்கு எடை ஆவியாகப் போய்விடும் என்பதால் 530 கிராம் அளவுக்கு மா பிசைய வேண்டும். கோதுமை மா 320 கிராம், தண்ணீர் 198 கிராம், உப்பு 6, சீனி 6, உடனடி ஈஸ்ட் 3 கிராம். தராசு இல்லாமல் குவளையால் அளப்பவர்களுக்குப் பாண் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வருவதில் வியப்பில்லை. மாவைக் குவளையில் அள்ளும் விதத்திலேயே எடை நிறைய மாறிவிடுகிறது.

பிசைந்து முடித்த மாவின் வெப்பம் 26 பாகையாக இருக்க வேண்டும். இதற்கு பேக்கரிக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. 26ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து மாவின் வெப்பம் 16, அறையின் வெப்பம் 16, கைப்பிசைவில் ஏறும் சூட்டுக்கு ஒரு 2 ஆகியவற்றைக் கழித்தால் 44 மிஞ்சும். தண்ணீர் அந்த அளவு சூடாக இருக்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றாலும் வழி இருக்கிறது. நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையில் கொதிக்கிறது. ஒரு பங்கு கொதிநீரோடு 16 பாகையிலுள்ள பீலித் தண்ணீர் இரண்டு பங்கு சேர்த்தால் 42 பாகை கிடைக்கும், அது போதும். முதலில் இரண்டையும் கலந்து, அதன் பிறகே மாவில் ஊற்ற வேண்டும். கொதிநீர் நேரே ஈஸ்டில் பட்டால் ஈஸ்ட் செத்துவிடும்.

பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்த மாவை எண்ணெய் தடவிய சட்டியில் போட்டு மூடி வையுங்கள். ஈரத்துணி போடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. சூடான ஊரில் அது நல்லது. குளிரூரில், அதுவும் காற்று வீசும் நாளில், துணியிலிருந்து ஆவியாகும் ஈரம் மாவை இன்னும் குளிர்விக்கும். சட்டிக்கு மூடி போடுவதே நல்லது. ஓவனை ஏற்றாமல், அதற்குள் ஒரு பாத்திரத்தில் சுடுநீர் வைத்து, பக்கத்தில் மாச்சட்டியை வைத்துக் கதவைச் சாத்தினால் 27, 28 பாகையில் ஒரு சின்ன அறை கிடைத்துவிடும். இந்த முறையில் ஈஸ்டைக் கால் பங்கு குறைக்கலாம். நேரம் இருப்பவர்கள் சூடேற்றாமல் அடுப்படி மூலையிலேயே மூன்று மணி நேரம் விட்டால் வாசம் அதிகம். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது முறைதான். குளிர் வீணாக நேரத்தைத் தின்னவில்லை. அந்த நேரத்தில்தான் மாவுக்கு ருசி ஏறுகிறது.

மா இரட்டித்துவிட்டதா என்று அகன்ற சட்டியில் பார்த்துச் சொல்வது கடினம், கண் ஏமாந்துவிடும். பிசைந்ததும் நெல்லிக்காய் அளவு மாவைக் கிள்ளி, நேரான சின்னக் கண்ணாடிக் குவளையின் அடியில் சமமாக அழுத்தி, அதன் மட்டத்தில் ஒரு றப்பர் வளையம் போடுங்கள். அந்தக் குவளையை மாச்சட்டிக்குள்ளேயே வைத்தால் இரண்டுக்கும் ஒரே சூடு. மா வளையத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு வந்ததும் முதல் பொங்கல் முடிந்தது.

பிறகு காற்றை அமுக்கி எடுத்து, உருட்டி, மறுபடியும் பொங்க விட வேண்டும். இங்கேதான் மலைக்காரர்கள் அவசரப்படாமல் கவனிக்க வேண்டும். கடற்கரைக் குறிப்பு "மறுபடி இரட்டிக்கட்டும்" என்று சொன்னாலும், ஒன்றே முக்கால் மடங்கிலேயே ஓவனுக்குள் போட்டுவிடுங்கள். அழுத்தம் குறைந்த இடத்தில் ஓவனுக்குள்ளும் குமிழ்கள் கூடுதலாக விரியும், அதற்கு இடம் வைக்க வேண்டும். விரலில் மா தடவி ஒரு கணு ஆழம் அழுத்திப் பாருங்கள். குழி உடனே நிரம்பினால் இன்னும் நேரம் இருக்கிறது. மெல்ல மெல்லப் பாதி நிரம்பி நின்றால் சரியான பக்குவம். குழி அப்படியே கிடந்தால் காலம் கடந்துவிட்டது. காலம் கடந்த மா கீறியதும் சரியும், உச்சி பள்ளமாகும், சீனியெல்லாம் ஈஸ்ட் தின்றுவிட்டதால் மேலோடு சிவக்காமல் வெளிறிக் கிடக்கும். அவசரப்பட்டுப் போட்ட மா பக்கவாட்டில் வெடித்து, அடியில் பசைபோல இறுகும்.

அடுத்தது நீராவி. பேக்கரிப் போறணையில் சுட்ட பாணுக்கு வரும் மொறுமொறுப்பான தோல் வீட்டில் ஏன் வருவதில்லை? செங்கற் போறணை நிறையப் பாண் அடுக்கி, வாயை மூடுகிறார்கள். அத்தனை பாணிலிருந்தும் கிளம்பும் ஈரம் வெளியே போக வழியின்றி உள்ளேயே நீராவியாக நிற்கிறது. வீட்டு ஓவனிலோ ஒரே ஒரு பாண், ஈரம் வெளியேறத் துவாரங்கள் வேறு. எரிவாயு ஓவனில் இந்தத் துவாரங்கள் இன்னும் பெரியவை.

நீராவி செய்வது மூன்று வேலை. ஓவனுக்குள் வந்த குளிர்ந்த மாவின் மேல் அது படிந்து நீராகும்போது பெருஞ்சூட்டை மாவுக்குக் கொடுக்கிறது. மேற்தோலை ஈரமாக, இழுபடக்கூடியதாக வைத்திருப்பதால் பாண் முழு உயரத்துக்கு எழும்ப முடிகிறது. தோலிலுள்ள மாப்பொருள் அந்த ஈரத்தில் கஞ்சியாகி, பின்பு காய்ந்து பளபளக்கும் மெல்லிய ஓடாகிறது. நீராவி இல்லாவிட்டால் தோல் முதல் நிமிடங்களிலேயே காய்ந்து இறுகி, உள்ளே விரியும் வாயு கண்ட இடத்தில் கிழித்துக்கொண்டு வெளியேறும். அழுத்தம் குறைந்த மலையில் ஈரம் இன்னும் விரைவாகப் பறப்பதால் இந்தக் கோளாறு இங்கே கூடுதல்.

சூடான தட்டில் தண்ணீர் ஊற்றுவது பலர் செய்யும் முறை. ஓவன் கதவின் கண்ணாடியில் ஒரு துளி பட்டாலும் அது வெடிக்கலாம், கையும் வேகும். கிளம்பிய ஆவியும் சில நிமிடங்களில் துவாரம் வழியே போய்விடும். அதைவிட, ஓவனுக்குள்ளேயே ஒரு சின்னப் போறணை கட்டிவிடலாம். இரும்பிலோ தடித்த அலுமினியத்திலோ, பிளாஸ்டிக் பிடி இல்லாத, மூடி உள்ள 4 லீற்றர்ச் சட்டி ஒன்று போதும். அதை நீராவியால் நிரப்பத் தேவைப்படும் ஈரம் இரண்டு கிராமுக்கும் குறைவு. நமது பாணோ 70, 80 கிராம் ஈரத்தை விடப்போகிறது. வெளியிலிருந்து ஒரு துளியும் ஊற்ற வேண்டியதில்லை.

வெறும் சட்டியையும் மூடியையும் ஓவனில் வைத்து 230 பாகையில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காய விடுங்கள். ஓவனின் சிவப்பு விளக்கு அணைவதை நம்ப வேண்டாம். காற்று சூடானதும் விளக்கு அணையும், இரும்பு சூடாக இன்னும் நேரம் வேண்டும். குமிழில் எழுதியிருக்கும் எண்ணும் 20, 30 பாகை பிசகலாம் என்பதால் ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்குவது வீண்செலவல்ல. தடித்த கையுறை போட்டுச் சட்டியைத் திறந்து, மாவை எண்ணெய்த்தாளோடு இறக்கி, சவர அலகால் அரை அங்குல ஆழத்துக்குக் கீறி, மூடிவிடுங்கள். 20 நிமிடம் திறக்கவே கூடாது. திறக்கும்போது பாண் வெளிறிய நிறத்தில், ஈர மினுக்கத்தோடு, கீறல் அகல விரிந்து நிற்க வேண்டும்.

இனி நீராவி வேண்டாம். மூடியை எடுத்துவிட்டு 205 பாகைக்குக் குறைத்து இன்னும் 18 முதல் 22 நிமிடம். தோல் காய்ந்து 140 பாகையைத் தாண்டினால்தான் சிவக்கும், ஈரம் இருக்கும் வரை கொதிநிலைக்கு மேல் ஏறாது.

வெந்ததை எப்படி அறிவது? பாணின் நடுவில் ஈரம் இருக்கும் மட்டும் அங்குள்ள வெப்பம் தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டாது. ஆகவே நுவரெலியாவில் 92 வந்தாலே வெந்துவிட்டது. தண்ணீர் 96 அளவில் கொதிக்கும் ஹட்டனில் 94 போதும். உள்ளிருக்கும் மாப்பொருள் இதைவிடக் குறைந்த சூட்டிலேயே இறுகிவிடுவதால் பச்சையாக இருக்குமோ என்ற அச்சம் வேண்டாம். வெப்பமானி இல்லாதவர்கள் தராசில் வையுங்கள். 530 கிராமாகப் போன மா 460க்குள் வந்திருந்தால் சரி.

சுட்டதும் கம்பித் தட்டில் ஏற்றி ஒரு மணி நேரம் தொடாமல் விடுங்கள். சூட்டோடு வெட்டினால் உள்ளே கத்தியில் ஒட்டும், வேகவில்லை என்று தவறாக எண்ணத் தோன்றும். மூடுபனி இறங்கும் மாலையில் தோல் இரவுக்குள் நமர்த்துப்போவதைத் தடுக்க முடியாது. பாணின் உள்ளீரமும் வெளிக்காற்றின் ஈரமும் சேர்ந்து செய்யும் வேலை அது. மறுநாள் காலையில் 200 பாகை ஓவனில் ஐந்து நிமிடம் காட்டினால் தோல் மறுபடி மொறுமொறுக்கும். அப்படிச் சூடாக்கிய பாணை அன்று காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும், இரண்டாம் முறை சூடேற்றினால் உள்ளே காய்ந்துவிடும்.